வாசலில் நடிகர் ஃப்ரேமை விட்டுப் போகிறார்

"கிருஷ்ணகிரி மாங்கா மண்டியில ரெண்டு நிமிஷ சீன், ஒரே ஷாட். கிம்பல்ல பின்பக்கமா நடந்து எடுக்கிறோம். வாசல் தாண்டும்போது ஒவ்வொரு டேக்லயும் நடிகர் ஃப்ரேம் தாண்டிடுறார்."

வாசலைப் பின்பக்கமா தாண்டாதீங்க. ரெண்டடி முன்னாடியே ஓரமா நில்லுங்க, அவர் உங்களைக் கடந்து உள்ளே போகட்டும், நீங்க முதுகுப் பக்கம் தொடருங்க.

பெரும்பாலும் காரணம் நிலைப்படிதான். கேமராமேன் காலால் படியைத் தேடுறப்போ அரை அடி தாமதிக்கிறார், நடிகர் தாமதிக்கிறதில்லை.

உறுதிப்படுத்த, ஒரு ஒத்திகையைப் பக்கவாட்டில் செல்போன்ல எடுத்து ரெண்டு பேர் காலையும் மட்டும் பாருங்க. வேகம் கூட்டுறது நடிகர்னா, வசனம் சீக்கிரம் முடிஞ்சு சும்மா நடக்கிறார்னு அர்த்தம். "எடை போட்டாச்சா"ன்னு சொல்றப்போதான் கால் படியில படணும்னு சொல்லைக் காலோட கட்டிடுங்க. முதல்ல கேமரா இல்லாம, அது பிசகாம வந்த பிறகு கேமராவோட ஒத்திகை. தரையில சாக்பீஸ் குறி வேண்டாம், வைக்கோல் மூடிடும். ஒரு மாங்கா கிரேட்டையே அடையாளமா வையுங்க.

ஒண்ணு கவனம்: ஆட்டோ எக்ஸ்போஷர்ல விட்டா உள்ளே நுழைஞ்சதும் படம் பளிச்னு ஏறும். உள் வெளிச்சத்துக்கு மேனுவலா பூட்டுங்க. முற்றத்துல வெயில் இருக்கிறவரை வெளிப்பக்கம் வெளுத்துடும், அதனால வெயில் இறங்கினப்புறம் எடுங்க.