எஸ்.ஓ.எஸ். என்று எழுதிய காய்ச்சல் மாத்திரை: அடுத்ததை எப்போது கொடுக்கலாம்?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது, எடை 45 கிலோ. காய்ச்சலுக்கு டாக்டர் பாராசிட்டமால் 650 எழுதி, பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று மட்டும் போட்டிருக்கிறார். நேற்று காலை 9 மணிக்கு ஒன்று கொடுத்தேன். 11 மணிக்கே உடம்பு சுட்டது. பயந்துபோய் 3 மணிக்குத்தான் அடுத்ததைக் கொடுத்தேன், இரவு 9 மணிக்கு இன்னொன்று. மூன்று மாத்திரைதானே, முன்னாடியே கொடுத்திருக்கலாமா? எப்போதும் சாப்பிடும் முதுகுவலி மாத்திரையைக் காலை 8, இரவு 8 மணிக்குச் சாப்பிட்டார். மூக்கு ஒழுகியதால் இரவு 9 மணிக்கு ஒரு சளி மாத்திரையும் கொடுத்தேன். அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மருத்துவர் பதில்: 11 மணிக்குக் கொடுக்காமல் இருந்தது சரி. உங்கள் அம்மாவின் எடைக்கும் வயதுக்கும் பாராசிட்டமால் 650-ஐ 6 மணி நேரத்துக்கு ஒன்றுக்கு மேல் தரக் கூடாது. 24 மணி நேரத்தில் நான்கைத் தாண்டக் கூடாது. ஆனால் அவர் நேற்று சாப்பிட்ட பாராசிட்டமால் மூன்று மாத்திரை அளவு இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 11 மணி. பாராசிட்டமால் வேலை செய்யத் தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். காய்ச்சல் நன்றாக இறங்க இரண்டு, மூன்று மணி நேரம்கூட ஆகலாம். 102 டிகிரி இருந்தது 100.5-க்கு வந்தால் மாத்திரை வேலை செய்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும், 98.4-க்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. கையால் தொட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். இன்னொன்று, சாப்பிட்ட மருந்தில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏறக்குறைய இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகிறது. 11 மணிக்கு இன்னொன்றைக் கொடுத்திருந்தால் காய்ச்சல் இரண்டு மடங்கு வேகமாக இறங்கியிருக்காது. கல்லீரலின் வேலைதான் கூடியிருக்கும்.

கல்லீரல் இந்த மருந்தைப் பிரிக்கும்போது சிறு பகுதி நச்சாக மாறுகிறது. அதை உடனுக்குடன் முறிக்க குளுட்டதயோன் என்ற பொருள் கல்லீரலில் இருக்கிறது. இடைவெளி விட்டுச் சாப்பிட்டால் அந்த இருப்பு தீராமல் ஈடுகொடுக்கும். நெருக்கி நெருக்கிச் சாப்பிட்டால் தீர்ந்துபோகும், நச்சு கல்லீரலைத் தாக்கும். காய்ச்சலில் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர்கள், மெலிந்தவர்கள், தினமும் மது குடிப்பவர்கள் ஆகியோருக்கு இந்த இருப்பே குறைவாக இருக்கும். நல்ல எடையுள்ள ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 4 கிராம்வரை என்பது பொதுவான உச்சவரம்பு, குறைந்தபட்ச இடைவெளி 4 மணி நேரம். 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்றுதான் கணக்கிடுவேன். 45 கிலோவுக்கு வேளைக்கு 675, நாளுக்கு 2,700 மில்லிகிராம். அதனால்தான் மேலே 6 மணி நேரம், நான்கு மாத்திரை என்று சொன்னேன்.

இப்போது நேற்றைய நாளைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய முதுகுவலி மாத்திரை அட்டையில் அசெக்ளோஃபெனாக் 100-உடன் பாராசிட்டமால் 325 இருக்கிறது. சளி மாத்திரையில் பாராசிட்டமால் 500 இருக்கிறது. அப்படியானால் காலை 8 மணிக்கு 325, 9 மணிக்கு 650, மாலை 3 மணிக்கு 650, இரவு 8 மணிக்கு 325, 9 மணிக்கு 650-உம் 500-உம். மொத்தம் 3,100 மில்லிகிராம். அதைவிட, இரவு 8 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில் மட்டும் 1,475 போயிருக்கிறது. ஒரு வேளைக்குரிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். காய்ச்சல் மாத்திரைக்கு நீங்கள் பார்த்துப் பார்த்து விட்ட 6 மணி நேர இடைவெளியை மற்ற இரண்டு அட்டைகளும் கலைத்துவிட்டன. கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும். இதை மருந்துக்கடைக்காரர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை.

ஒரே ஒரு நாள் இப்படி ஆனதால் கலங்க வேண்டாம், ஆனால் இன்றைக்கே உங்கள் டாக்டரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். இதே வழக்கம் மூன்று, நான்கு நாள் தொடர்வதுதான் ஆபத்து. நள்ளிரவு தாண்டினால் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது என்பதையும் பாருங்கள். இன்று காலை 6 மணிக்குக் காய்ச்சல் வந்திருந்தால், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் அந்த 3,100-உம் அப்படியே இருக்கிறது. மாத்திரை அட்டையின் பின்புறமே பேனாவால் நேரத்தைக் குறித்து வையுங்கள். இரவில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேறு ஒருவருக்கும் அது தெரியும்.

சளி மாத்திரையை நிறுத்திவிடுங்கள். முதுகுவலி மாத்திரையைக் காய்ச்சல் விடும்வரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். பாராசிட்டமாலுக்காக மட்டும் சொல்லவில்லை. காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அசெக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக்கசிவுக்கு வழிவகுக்கலாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும் சாப்பிட வேண்டும் என்று அர்த்தம். 1-0-1 மாதிரி வேளை தவறாமல் போட வேண்டியதில்லை. காய்ச்சல் இல்லாதபோது, வந்துவிடுமோ என்று முன்கூட்டியே தரவும் வேண்டாம். ஆனால் எவ்வளவு இடைவெளி என்பதை அந்த மூன்று எழுத்து சொல்லாது, மருந்துதான் சொல்லும். அரிப்புக்கு எழுதும் செட்டிரிசின் 10, பெரியவர்களுக்கு 24 மணி நேரத்துக்கு ஒன்று. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லும் சார்பிட்ரேட் 5-க்கும் எஸ்.ஓ.எஸ். என்றுதான் எழுதுவோம், அங்கே இடைவெளி வெறும் 5 நிமிடம், அதிகபட்சம் மூன்று. உட்கார்ந்தபடி ஒன்று வைத்து 5 நிமிடத்தில் வலி குறையவில்லை என்றால் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும், பிறகுதான் இரண்டாவது. ஒரு மருந்தின் இடைவெளியை இன்னொன்றுக்கு ஊகித்துக்கொள்ள முடியாது. சீட்டில் நேரம் இல்லையென்றால் டாக்டர் அறையை விட்டு எழும் முன்பே கேளுங்கள்: எந்தத் தொந்தரவுக்கு, ஒரு வேளைக்கு எத்தனை, குறைந்தது எத்தனை மணி நேர இடைவெளி, நாளுக்கு அதிகபட்சம் எத்தனை, எப்போது நிறுத்திவிட்டு வர வேண்டும். சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர வேண்டியது எங்கள் கடமை.

6 மணி நேரத்துக்குள் காய்ச்சல் ஏறினால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள், கஞ்சியோ மோரோ அடிக்கடி கொடுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலும், நடுவில் விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல், அசதியில் துவண்டு கிடத்தல் என எது வந்தாலும் அடுத்த மாத்திரைக்கு நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். என்றாவது 24 மணி நேரக் கணக்கு 3,300 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது தெரிந்தால், அம்மா நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அப்போதே போக வேண்டும். முதல் நாளில் கல்லீரல் பாதிப்பு வெளியே தெரியாமலே இருக்கலாம். அதற்கான முறிமருந்து அசிட்டைல்சிஸ்டீன், அளவு மீறிச் சாப்பிட்ட 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். போகும்போது மூன்று அட்டைகளையும், நேரம் குறித்து வைத்ததையும் கையோடு எடுத்துப் போங்கள்.