டுரியான் நிழலில் எதை நடுவது?

கேள்வி: பாலிக் புலாவில் அப்பாவின் டுரியான் தோட்டம் இருக்கு. மரங்களுக்கு அடியில் கொக்கோ போட்டால் கூடுதல் வருமானம் வருமா? இப்படிக் கலந்து நட்டால் கார்பன் சேரும், பறவைக்கும் வௌவாலுக்கும் நல்லது என்றெல்லாம் சொல்கிறார்களே, அது உண்மையா?

கொக்கோ நிழலில் நன்றாகவே வளரும், ஆனால் டுரியானுக்கு அடியில் வேண்டாம். கொக்கோ காயைக் கறுப்பாக்கி அழுக வைக்கும் அதே பைட்டோஃப்தோரா என்ற பூஞ்சை போன்ற கிருமிதான் டுரியானின் அடிமரத்தையும் அரிக்கிறது. பட்டையில் ஈரமாகக் கசியும் பழுப்புத் திட்டு தெரிந்தால், லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

ஜாதிக்காய் போடுங்கள். இளங்கன்றுக்கு நிழல் தேவை, அப்புறம் வளர வளர மேலே உள்ள டுரியான் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடணும். விதைக்கன்று என்றால் ஆண் மரமா பெண் மரமா என்பது பூக்கும்வரை தெரியாது, அதற்குள் பல வருஷம் ஓடிவிடும், அதனால் பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்று வாங்குவதே மேல். டுரியான் சீசன் முடிந்த மாதங்களிலும் இதில் காய் கிடைக்கும்.

வௌவால் விஷயம் உண்மை. டுரியான் பூ சாயங்காலம் விரியும், தேன் குடிக்க வரும் வௌவால்தான் மகரந்தத்தைப் பெரும்பாலும் சுமக்கிறது. பூ இல்லாத மாதங்களில் அதற்குச் சாப்பாடு வேணுமே, பெத்தாய், வாழைப் பூக்கள் அதற்கு உதவும். ஓரத்தில் நிற்பதை வெட்டாதீர்கள்.

கார்பன் பெரும்பாலும் பெரிய மரங்களின் தண்டிலும் வேரிலும் மண்ணிலும் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள தோட்டத்தில் மரம் சேர்த்தால் கார்பன் கணக்கில் லாபம், காட்டை அழித்து நட்டால் நஷ்டம்தான்.