பெயிலை எதிர்க்கவும், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போகவும் பாதிக்கப்பட்டவருக்கு வழி உண்டா?

"ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன் சார். பாதைத் தகராறில் பக்கத்துக் காபித் தோட்டத்துக்காரர் என் தம்பியைக் கொடுவாளால் தலையிலும் கையிலும் வெட்டிவிட்டார். நான்தான் புகார் கொடுத்தேன். கொலை முயற்சி என்று பி.என்.எஸ். 109-வது பிரிவு போட்டு ரிமாண்ட் செய்துவிட்டார்கள். நேரில் பார்த்த ரெண்டு பேரும் அவர் தோட்டத்திலேயே வேலை செய்து, அவருடைய லயன் வீட்டில் இருப்பவர்கள். இப்போது சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் பெயில் போட்டிருக்கிறார்களாம். கேட்டால், 'அதெல்லாம் பி.பி. பார்த்துக்கொள்வார், நீங்கள் பேச முடியாது' என்கிறார்கள். நிஜமா? நாளைக்கு அவரை விடுதலை செய்துவிட்டால், அரசு அப்பீல் போகாவிட்டால், எங்களுக்கு வழியே இல்லையா?"

இல்லை, உங்களுக்குச் சொன்னது தப்பு. வழக்கை நடத்துவது பி.பி. எனப்படும் அரசு வழக்கறிஞர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பெயில் விசாரணையில் உங்கள் தம்பி தனியாக வக்கீல் வைத்துத் தன் எதிர்ப்பைச் சொல்லலாம், கோர்ட் அதைக் கேட்டாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது கார் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஆசிஷ் மிஸ்ராவுக்கு அலகாபாத் உயர் நீதிமன்றம் பெயில் கொடுத்தது, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சொன்ன காரணங்களில் முக்கியமானது, பாதிக்கப்பட்டவர்கள் தரப்புக்குப் பேச சரியான வாய்ப்பு தரப்படவில்லை என்பது. விசாரணைக் கட்டத்திலிருந்து அப்பீல் வரை ஒவ்வொரு படியிலும் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. உங்கள் வக்கீல் கையில் அந்தத் தீர்ப்பின் நகல் இருக்கட்டும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். புகார் கொடுத்தது நீங்கள், ஆனால் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர் உங்கள் தம்பி. எனவே வக்காலத்தில் அவர் கையெழுத்து வாங்குங்கள், பெயிலை எதிர்த்துப் போடும் இடையீட்டு மனுவும் அவர் பெயரில் போகட்டும். வெட்டுப்பட்ட கையில் கட்டு இருந்தால் கைரேகை வைத்தாலும் போதும், அது கைரேகைதான் என்பதை வக்கீல் அதிலேயே குறித்துக்கொள்வார். அண்ணன் பெயரில் போட்டால் கோர்ட் கேட்காது என்பதில்லை, ஆனால் 'இவர் யார்' என்ற கேள்வியிலேயே நேரம் போய்விடும். அந்த நேரம் உங்களிடம் இல்லை.

ஏனென்றால் பெயில் மனு சில நாட்களிலேயே விசாரணைக்கு வந்துவிடும், உங்களைத் தேடி யாரும் நோட்டீஸ் கொடுக்கப் போவதில்லை. நோட்டீஸ் போவது பி.பி.க்குத்தான். அதனால் நீங்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். services.ecourts.gov.in தளத்தில் சேலம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, எஃப்.ஐ.ஆர். எண், வருடம், ஸ்டேஷன் பெயர் கொடுத்துத் தேடினால் மனு எண்ணும் அடுத்த தேதியும் தெரியும். சில சமயம் அதில் தாமதமாக ஏறும், எனவே அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் பி.பி. அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்க் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கும் தம்பிக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் மலையாளிப் பழங்குடி, எதிர்த்தரப்பு எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்றால் நிலைமை வேறு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளும் சேர்க்கப்பட்டிருந்தால், பெயில் உட்பட எந்த நடவடிக்கைக்கும் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தே ஆக வேண்டும் (அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு). நோட்டீஸ் கொடுக்காமல் பெயில் கொடுத்திருந்தால் அதை வைத்தே உயர் நீதிமன்றத்தில் அதை உடைக்கலாம். அந்தப் பிரிவுகள் பொருந்தியும் எஃப்.ஐ.ஆரில் விட்டுப்போயிருந்தால் டி.எஸ்.பி.க்கு இப்போதே எழுதிக் கொடுங்கள்.

சரி, மனுவில் என்ன எழுதுவது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். எவ்வளவு கொடூரமாக வெட்டினான், அவன் எப்படிப்பட்டவன், எங்கள் குடும்பம் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று நாலு பக்கம் எழுதுகிறார்கள். பெயில் என்பது தண்டனை அல்ல, கோர்ட் அதில் பார்ப்பது குற்றம் எவ்வளவு கடுமையானது, வெளியே வந்தால் சாட்சிகளைக் கலைப்பாரா, ஓடிப்போவாரா, மறுபடி ஏதாவது செய்வாரா என்பதைத்தான். உங்கள் வழக்கில் மிக வலுவான விஷயத்தை நீங்களே கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்: பார்த்த ரெண்டு சாட்சிகளும் அவர் கூலியில், அவர் வீட்டில் இருக்கிறார்கள். வேலையும் கூரையும் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது அவர் மிரட்டவே வேண்டாம், வெளியே வந்து நின்றாலே போதும். மனுவின் முதல் பத்தி இதுவாக இருக்கட்டும். அப்புறம் சேலம் அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ், தம்பி இன்னும் சிகிச்சையில் இருந்தால் அதற்கான தாள். அவர் ஆட்கள் யாராவது வந்து சமாதானம் பேசியோ மிரட்டியோ இருந்தால், அதை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி இணையுங்கள். தேதி போட்ட ஒரு ரசீதுக்கு இருக்கிற மதிப்பு, பத்து வரி ஆவேசத்துக்குக் கிடையாது.

இன்னொன்றையும் இதே வாரத்தில் செய்யச் சொல்வேன். அந்த ரெண்டு சாட்சிகளையும் மாஜிஸ்ட்ரேட் முன் வாக்குமூலம் கொடுக்க வைக்கும்படி இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 183-வது பிரிவில், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்ட்ரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று இருக்கிறது, உங்கள் 109 அந்த வரம்புக்குள் வருகிறது. அந்த வாக்குமூலம் மட்டுமே தண்டனைக்குப் போதாதுதான், ஆனால் நாளை கோர்ட்டில் அவர்கள் பிறழ்ந்தால் அதைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்யலாம். அது பதிவாகும் வரை பெயில் தரக்கூடாது என்று கேட்பதும் நியாயமான வாதமே.

இதெல்லாம் செய்தும் ஒரு கட்டத்தில் பெயில் கிடைத்துவிடும் என்பதற்குத் தயாராக இருங்கள். எனவே மனுவில் மாற்றுக் கோரிக்கையாக நிபந்தனையும் கேளுங்கள்: ஏற்காடு தாலுகாவுக்குள் வரக்கூடாது, ஆத்தூரிலோ மேட்டூரிலோ தங்கி அங்குள்ள ஸ்டேஷனில் தினமும் கையெழுத்துப் போட வேண்டும் என்று. ஆசிஷ் மிஸ்ராவுக்கே 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால பெயில் கொடுத்தபோது உத்தரப் பிரதேசத்திலும் டெல்லியிலும் இருக்கக்கூடாது என்றுதான் கொடுத்தது. நிபந்தனையை மீறினால், சாட்சியை நெருங்கினால், பெயிலை ரத்து செய்யக் கேட்டு நீங்களே மனு போடலாம், அப்போதும் தேதியோடு ஆதாரம் வேண்டும்.

ஒரே ஒரு பெயிலை மட்டும் நீங்கள் எவ்வளவு பேசினாலும் தடுக்க முடியாது. ரிமாண்ட் ஆகி 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், அவர் கேட்டாலே பெயில் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அங்கே சாட்சி, காயம், மிரட்டல் எதுவும் எடுபடாது. காயச் சான்றிதழ் வரவில்லை, கொடுவாள் லேபிலிருந்து வரவில்லை என்று ஃபைல் கிடப்பது உண்டு. 60-வது நாள் வாக்கில் ஸ்டேஷனுக்குப் போய் எது பாக்கி என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

இனி விடுதலை பற்றி. அரசு அப்பீல் போகாவிட்டாலும் உங்கள் தம்பி போகலாம், யாருடைய சம்மதமும் வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-வது பிரிவில் 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த உரிமை இது, இப்போது பி.என்.எஸ்.எஸ். 413. முழு விடுதலைக்கு எதிராகவும், 109-ஐ விட்டுவிட்டுச் சாதாரண காயத்துக்கு மட்டும் தண்டித்தாலும், இழப்பீடு போதாவிட்டாலும் அப்பீல் போகலாம். தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் நீங்கள் போக முடியாது, அது அரசின் கையில் இருக்கிறது. தண்டனை கொடுத்திருந்தால் எதிரி எந்தக் கோர்ட்டுக்கு அப்பீல் போவாரோ அதே கோர்ட்டுக்கு நீங்களும் போவீர்கள். 109 செஷன்ஸ் வழக்கு என்பதால் உங்களுக்கு அது சென்னை உயர் நீதிமன்றம்.

கர்நாடகத்தில் மல்லிகார்ஜுன் கோடகலி என்பவர் 2009 பிப்ரவரியில் உங்கள் தம்பி மாதிரியே தாக்கப்பட்டவர். 2013-ல் எதிரிகள் விடுதலையானார்கள், அவருடைய அப்பீலை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர் அப்பீல் போக முன் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அரசு போனால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும், நீங்கள் வாங்க வேண்டாம்.

காலக்கெடு எவ்வளவு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதனால் 60 நாளைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், பிந்தினால் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டிவரும். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டால், நகல் தயாராக எடுத்த நாட்கள் கணக்கில் சேராது.

ஆனால் அப்பீல் என்பது மறு விசாரணை இல்லை. கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியத்தை வைத்துத்தான் பேச முடியும். அதை வைத்து ரெண்டு விதமாகவும் முடிவுக்கு வரலாம் என்றால், விடுதலையைத் தொட மாட்டார்கள். லயன் வீட்டுச் சாட்சிகள் பிறழ்ந்தார்கள் என்பதற்காக விடுதலை என்றால், அந்த ஒரு குறையைச் சொல்லி ஜெயிப்பது கஷ்டம். காயம்பட்டவர் சாட்சியத்துக்குக் கோர்ட்டுகள் தனி மதிப்புக் கொடுக்கின்றன, அதை மருத்துவச் சான்று தாங்கி நின்றும், சின்னச் சின்ன முரண்பாட்டைச் சொல்லி நீதிபதி ஒதுக்கியிருந்தால், அப்பீலுக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால் தம்பியின் சாட்சியம் நடக்கும் நாளில் உங்கள் வக்கீல் கோர்ட்டில் இருக்க வேண்டும். அவர் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, பி.பி.க்கு எடுத்துக் கொடுக்கலாம். சாட்சியம் முடிந்தபின் கோர்ட் அனுமதியோடு எழுத்து மூலம் வாதம் தாக்கல் செய்யலாம், அதைக் கட்டாயம் செய்யச் சொல்லுங்கள்.

வக்கீல் செலவுக்கு யோசனை என்றால் சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. நீங்கள் பழங்குடி என்றால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும், சாதிச் சான்றிதழ் நகல் கொண்டுபோங்கள். போனில் கேட்க 15100. பெயில் தேதி எப்போது என்று முதலில் பாருங்கள், அதற்கு முந்தைய நாளாவது மனு பி.பி. கைக்கும் ஒரு நகல் போயிருக்க வேண்டும்.