பார்சல் லேபிளும் நான்கு பிரேமும்

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே பருத்திச் சேலை விற்கிறேன். வாரம் ஒருமுறை பார்சல் கட்டுவதை 40 விநாடி வீடியோவாகப் போடுவேன். அதைப் பார்த்துத்தான் பாதி ஆர்டர் வருகிறது. போன வாரம் என் சேலத்து வாடிக்கையாளர் ஒருவருக்கு யாரோ போன் செய்து, "உங்கள் சேலை பார்சல் நின்றுபோயிருக்கிறது, 49 ரூபாய் கட்டுங்கள்" என்று கேட்டிருக்கிறான். அவருடைய லேபிள் என் வீடியோவில் வந்திருந்தது உண்மைதான். ஆனால் பெயர், முகவரி, நம்பர் எல்லாவற்றுக்கும் மொசைக் போட்டிருந்தேனே! எங்கே தவறினேன்? வீடியோவையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி இந்த மாதிரி வீடியோவே போடக் கூடாதா?
— வாசகி, ஈரோடு

பதில்: வீடியோ தாராளமாகப் போடுங்கள், சகோதரி. விட வேண்டியது மொசைக்கைத்தான்.

உங்கள் வீடியோவைக் கணினியில் திறந்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தேன். 11ஆவது விநாடியில் பார்சலைக் கையில் எடுக்கிறீர்கள், 14ஆவது விநாடியில் அதை அடுக்கின் மேல் வைக்கிறீர்கள். இடைப்பட்ட மூன்று விநாடிகளும் லேபிள் நம்மைப் பார்த்தபடி இருக்கிறது. விநாடிக்கு 30 பிரேம் என்ற கணக்கில் அது 90 படங்கள். உங்கள் மொசைக் ஐந்தாவது படத்தில்தான் தொடங்குகிறது. முதல் நான்கு படங்களில் வாடிக்கையாளரின் பெயரும் தெருவும் பளிச்சென்று இருக்கின்றன. நடுவில் பார்சலைத் திருப்பும் இடத்தில் மொசைக் சற்றுப் பின்தங்கி, போன் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. ஓடும்போது இது எதுவும் உங்கள் கண்ணில் படாது, ஏனென்றால் நான்கு படம் என்பது ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் திருட நினைப்பவன் ஓடவிட்டா பார்ப்பான்? யூடியூபைக் கணினியில் திறந்து, வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னே போகும், காற்புள்ளியைத் தட்டினால் ஒரு பிரேம் பின்னே வரும். அதற்கு எந்தத் தனி மென்பொருளும் தேவையில்லை.

உங்கள் வாடிக்கையாளருக்குப் போன் செய்த அந்த 49 ரூபாய் ஆள் இந்த வீடியோவிலிருந்துதான் நம்பர் எடுத்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். முகவரி ஒழுக வேறு ஓட்டைகளும் உண்டு. ஆனால் உங்கள் பக்கத்து ஓட்டை இது.

மொசைக் ஏன் பின்தங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு எதை மறைக்கவும் இது உதவும். போனில் எடிட் செய்யும் செயலிகளில் மறைப்புப் பட்டையை நகரவைக்க கீஃப்ரேம் என்று ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் பட்டை இங்கே, முடிவில் அங்கே என்று இரண்டு இடங்களில் குறி வைத்தால், நடுவில் உள்ள படங்களுக்கெல்லாம் செயலியே கணக்குப் போட்டு, பட்டையை நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் கை நேர்கோட்டிலா போகிறது? பார்சலைத் தூக்கி, நெஞ்சு உயரத்தில் ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு இறக்குகிறீர்கள். கை வளைகிற இடத்தில் பட்டை வளையாது. எனவே கை திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறி கூடுதலாக வைக்க வேண்டும். இந்த மூன்று விநாடிக்கு ஐந்தாறு குறிகளாவது தேவைப்படும். பட்டையை லேபிளின் அளவுக்கே வெட்டாமல் நான்கு பக்கமும் தாராளமாக அகலம் விடுங்கள். லேபிள் தெரியத் தொடங்குவதற்குப் பத்து பிரேம் முன்பே பட்டை வந்துவிட வேண்டும், மறைந்து பத்து பிரேம் கழித்தே போக வேண்டும்.

இனி மொசைக்கின் கதை. அது எழுத்தை அழிப்பதில்லை. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள கறுப்பு வெள்ளையைக் கலந்து ஒரே சாம்பல் நிறமாக்குகிறது, அவ்வளவுதான். 8 இருந்த கட்டம் இருட்டாக இருக்கும், 1 இருந்த கட்டம் வெளுத்திருக்கும். போன் எண்ணில் ஓர் இடத்துக்கு வரக்கூடியவை பத்தே இலக்கங்கள். அதே எழுத்துருவில் பத்தையும் அச்சிட்டு, அதே அளவு மொசைக் போட்டு, எது ஒத்துப்போகிறது என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் பல சமயம் எண் சிக்கிவிடும். கூரியர் லேபிளில் எழுத்து எப்போதும் ஒரே மாதிரியாக அச்சாவது அவனுக்கு இன்னும் வசதி.

வீடியோவில் நிலைமை மேலும் மோசம். மூங்கில் தட்டி வேலிக்கு முன் அசையாமல் நின்றால் உள்ளே கோடு கோடாகத்தான் தெரியும். வேலியை ஒட்டி நடந்துகொண்டே பார்த்தால் உள்ளே கட்டியிருக்கும் ஆடு முழுதாகத் தெரிந்துவிடும் இல்லையா? பார்சல் அசைய அசைய மொசைக் கட்டங்கள் எழுத்தின் வெவ்வேறு பகுதிகளின் மேல் விழுகின்றன. 90 படங்களையும் சேர்த்து வைத்துக் கணக்குப் போடுகிறவனுக்கு ஒரு படத்தில் இல்லாதது அடுத்ததில் கிடைக்கும். மங்கலாக்கும் பிளர் வசதிக்கும் இதே சங்கடம்தான், லேசாகப் போட்டால் இன்னும் எளிது. ஆகவே ஒரே நிறத்தில், துளியும் ஒளி ஊடுருவாத பட்டையைப் போடுங்கள். அழகாக இல்லை என்று தோன்றினால் உங்கள் கடைச் சின்னத்தையே பட்டையின் மேல் வையுங்கள். போனில் இருக்கும் தூரிகையால் கறுப்புத் தீற்றி மறைப்பது மட்டும் வேண்டாம். அந்தத் தூரிகைகளில் சில முழுக் கறுப்பு அல்ல. வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து மிதந்து வரும். கல்யாண வீடியோ ஒன்றில் ஒரு கார் எண்ணை நானே இப்படித் தீற்றி மறைத்துவிட்டு, வாடிக்கையாளர் வீட்டு டி.வி.யில் அது படிக்கத் தெரிந்ததைப் பார்த்து நாணிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் தொடவே தொடாத ஒன்று இருக்கிறது: பார்கோடு. முகவரிக்குப் பட்டை போடுகிறவர்கள் பலரும் இதை வெறும் கோடு என்று விட்டுவிடுகிறார்கள். கோடுகளுக்குக் கீழே அச்சிட்டிருக்கும் எண்ணே கோடுகளிலும் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் அதே எண்தான் கிடைக்கும் என்பதால், முக்கால் பாகம் மறைத்து அடியில் ஒரு விரற்கடை விட்டாலும் போன் படித்துவிடும். உங்கள் பார்சல் ஸ்பீடு போஸ்டில் போகிறது. அந்த 13 எழுத்து எண்ணை அஞ்சல் துறை தளத்தில் யார் போட்டாலும் பார்சல் எந்த ஊர், எந்த அஞ்சலகம், எந்தத் தேதி என்று வந்துவிடும். "உங்கள் பார்சல் இன்ன இடத்தில் நிற்கிறது" என்று ஒருவன் நம்பும்படி பேச அது போதும். கியூஆர் கட்டம் இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கறை பட்டாலும் படிக்க வேண்டும் என்பதற்காகவே அதை வடிவமைத்திருக்கிறார்கள். வகையைப் பொறுத்து 7 முதல் 30 சதவீதம் வரை கெட்டுப்போனாலும் அது படிக்கும். மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதால் பயனில்லை, கட்டம் முழுவதும் போக வேண்டும்.

இத்தனை பாடும் எதற்கு என்று நீங்கள் கேட்டால், நியாயம்தான். நான் உங்கள் இடத்தில் இருந்தால் லேபிள் ஒட்டுவதற்கு முன்பே படம் எடுத்து முடித்துவிடுவேன். சேலை மடிப்பது, டிஷ்யூ தாள் சுற்றுவது, கவரில் போட்டு ஒட்டுவது எல்லாம் கேமரா முன்னால் நடக்கட்டும். லேபிளை மட்டும் கேமராவை அணைத்துவிட்டு ஒட்டுங்கள். எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பவர்களுக்கு ஆசை இருக்கும். அதற்கு வெற்றுத் தாளில் கொட்டை எழுத்தில் "சேலம்" என்று எழுதி வைத்தால் தீர்ந்தது. கேமரா பார்க்காததை எவனாலும் மீட்டெடுக்க முடியாது. லேபிளில் "அனுப்புநர்" என்ற இடத்தில் இருப்பது உங்கள் சொந்த வீட்டு முகவரி என்பதையும் மறந்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் முகவரியை மறைத்தவர், தன் முகவரியை மூன்று விநாடியும் திறந்தே வைத்திருக்கிறார்!

பின்னால் இருக்கும் மடிக்கணினியையும் பார்த்தேன். வாட்ஸ்அப் திறந்திருக்கிறது, இடது பக்கம் அரட்டைப் பட்டியல். வீடியோவின் பெரும்பகுதியில் எழுத்து சின்னதாகக் கலங்கியிருப்பதால் பெயர்கள் படிக்க முடியவில்லை. ஆனால் 26ஆவது விநாடியில் நீங்கள் கேமராவைக் கையில் எடுத்து மேசையைச் சுற்றி வரும்போது இரண்டு பெயர்கள் துலக்கமாக வருகின்றன. படம் எடுக்கும் முன் மூடியைச் சாத்திவிடுங்கள். போனையும் கவிழ்த்து வையுங்கள், நடுவில் ஒரு ஓடிபி வந்து திரையில் நின்றால் அதுவும் பதிவாகிவிடும்.

ஒலியைக் கவனிக்காமல் விடாதீர்கள். 31ஆவது விநாடியில் பின்னால் யாரோ ஒரு போன் எண்ணை வாய்விட்டுச் சொல்கிறார். மேலே பாட்டுப் போட்டிருந்தாலும் அது கேட்கிறது. தானாக வரும் வசன எழுத்து அதைப் பிடித்து எழுத்தாகவே போட்டுவிடும். அந்த இடத்தில் மூல ஒலியை முழுதும் அணைத்துவிட வேண்டும்.

சரிபார்ப்பதை நீங்கள் செய்யாதீர்கள். அந்த முகவரிகளைப் பத்துத் தடவை எழுதிய கண், அவற்றைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடும். வீட்டில் வேறொருவரிடம், "இதில் உன்னால் படிக்க முடிகிற எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுது" என்று கொடுங்கள். போனில் வேண்டாம், பெரிய திரையில் கொடுங்கள். கணினியில் வி.எல்.சி. இருந்தால் E விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பிரேமாக நகரும். 1,200 பிரேமையும் தட்ட வேண்டியதில்லை, பொருள் கைக்கு வரும் இடம், கேமரா நகரும் இடம், இரண்டு காட்சிகள் ஒட்டும் இடம் ஆகிய மூன்று வகை இடங்களில் தட்டினால் போதும். முகப்புப் படமாக எந்தப் பிரேமைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே போட்டவற்றுக்கு வருகிறேன். இன்ஸ்டாகிராமில் போட்ட ரீல்ஸில் வீடியோவை மட்டும் மாற்ற வழியில்லை. விருப்பக்குறிகள் போகுமே என்று தயங்காமல் அழித்துவிட்டு, திருத்தியதைப் புதிதாகப் போடுங்கள். பழைய வீடியோக்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். வாட்ஸ்அப்பில் யாருக்காவது நேரடியாக அனுப்பியிருந்தால் அந்தப் பிரதி உங்கள் கையில் இல்லை.

சேலத்து அம்மாவிடம் நீங்களே பேசி, லேபிள் எந்த வீடியோவில் வந்தது என்பதைச் சொல்லுங்கள். அவர் பணம் கட்டியிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சொல்ல வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைப்பது கடினம். அதே வீடியோவில் இன்னும் இரண்டு லேபிள்கள் ஒரு பிரேம், இரண்டு பிரேம் என வந்துபோகின்றன: நீல நிறச் சேலை, மஞ்சள் கரைச் சேலை. அவர்களுக்கும் இன்றே போன் செய்து, பார்சலுக்காக உங்கள் கடையிலிருந்து யாரும் மேற்கொண்டு பணம் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்.