முப்பத்தேழு மாதிரிகள் சொன்னதும் சொல்லாததும்

கேள்வி: “பெண்கள் வருமானத்தைப் பார்ப்பதும் ஆண்கள் இளமையையும் அழகையும் பார்ப்பதும் பரிணாமம் எழுதிவிட்ட விதி, அதை யாராலும் மாற்ற முடியாது என்கிறான் என் நண்பன். உலகம் முழுக்க ஆய்வு செய்து நிரூபித்துவிட்டார்களாம். என் வருமானம் குறைவு. திருமணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு உறுத்துகிறது. அறிவியல் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறதா?”

பதில்: உங்கள் நண்பர் சொல்லும் ஆய்வு, அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்டதாகத்தான் இருக்க வேண்டும். 33 நாடுகளிலிருந்து 37 மாதிரிக் குழுக்களாக 10,047 பேரிடம் அவரும் அவருடைய கூட்டாளிகளும் கேள்வித்தாள் கொடுத்தார்கள். துணைவரிடம் எதிர்பார்க்கக்கூடிய 18 பண்புகள் அதில் இருந்தன; ஒவ்வொன்றுக்கும் ‘தேவையில்லை’ என்றால் 0, ‘கட்டாயம் வேண்டும்’ என்றால் 3 என்று மதிப்பெண் போட வேண்டும். நல்ல வருமான வாய்ப்பு என்ற பண்புக்கு 36 மாதிரிகளில் ஆண்களைவிடப் பெண்கள் தெளிவாகக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள். ஸ்பெயினில் மட்டும் அந்த வேறுபாடு கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை. வயதில் விதிவிலக்கே கிடையாது. 37 மாதிரிகளிலும் ஆண்கள் தங்களைவிட இளையவரையும் பெண்கள் தங்களைவிட மூத்தவரையும் விரும்பினார்கள்.

இதற்குப் பஸ் தந்த விளக்கம், பரிணாம உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ் 1972இல் முன்வைத்த ‘பெற்றோர் முதலீடு’ என்ற கருத்திலிருந்து வருகிறது. ஒரு குழந்தைக்காகப் பெண் குறைந்தது கருக்காலத்தையும் பாலூட்டும் காலத்தையும் செலவிட்டே ஆக வேண்டும். ஆணுக்கு அப்படிப்பட்ட உடல்சார்ந்த கட்டாயம் மிகக் குறைவு. ஆகவே, தனக்கும் குழந்தைக்கும் வேண்டியதைத் தரக்கூடியவரைத் தேர்ந்த பெண்களும், கருவுறும் திறனுக்கு அடையாளமான இளமையைத் தேர்ந்த ஆண்களும் கூடுதல் சந்ததிகளை விட்டுச் சென்றிருப்பார்கள், அவர்களுடைய விருப்பமே நமக்கும் வந்திருக்கிறது என்பது வாதம். இது அசட்டையாக ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல. ஆனால் ‘மாற்ற முடியாத விதி’ என்பது உங்கள் நண்பர் தாமாகச் சேர்த்துக்கொண்டது.

அதே கேள்வித்தாளில் இருபாலரும் மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்தவை பரஸ்பர ஈர்ப்பும் அன்பும், நம்பத்தகுந்த குணம், மனநிதானம், இனிய சுபாவம் ஆகியவை. பெண்களின் பட்டியலிலும் வருமானம் இவற்றுக்குக் கீழேதான் இருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் இந்த ஒற்றுமை பலர் கண்ணில் படுவதில்லை.

பண்பாட்டுக் கோணத்திலிருந்து வந்த விமர்சனங்களில் வலுவானது என நான் கருதுவது, சமூக உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் 1999இல் வெளியிட்டது. அவர்கள் புதிதாக யாரிடமும் கேள்வி கேட்கவில்லை. பஸ்ஸின் எண்களையே எடுத்து, பெண்களின் அரசியல், பொருளாதார அதிகாரத்தை நாடுவாரியாக அளக்கும் ஐக்கிய நாடுகள் சபையின் குறியீட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு அதிகாரம் கூடுதலாக உள்ள நாடுகளில், வருமான விஷயத்தில் ஆண் பெண் வேறுபாடு சிறிதாக இருந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். பெண்கள் வருமானத்துக்கு அதிக மதிப்புக் கொடுத்த இடங்களிலேயே, சமையலும் வீட்டு நிர்வாகமும் தெரிந்த மனைவி வேண்டும் என்று ஆண்களும் கூடுதலாகக் கேட்டார்கள். சம்பாதிப்பது ஒருவர் வேலை, வீட்டைப் பார்ப்பது மற்றவர் வேலை என்று சமூகம் பிரித்து வைத்திருந்தால், இருவரும் தம்மிடம் இல்லாததை மற்றவரிடம் தேடுவது இயல்புதானே! பெண்களுக்குச் சொந்த வருமானத்துக்கு வழி குறைவாக உள்ள இடத்தில், கணவனின் வருமானத்தைப் பார்ப்பது நடைமுறை அறிவு. அதற்குத் தனியாக ஒரு மரபணுக் காரணம் தேவைப்படவில்லை என்பது அவர்கள் முடிவு.

இந்த விளக்கம் எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தோற்றத்துக்கு ஆண்கள் கொடுத்த கூடுதல் மதிப்பு, சமத்துவம் கூடியதால் குறைந்ததாக அந்தக் கணக்கிலேயே தெரியவில்லை. வயது விஷயத்தில் டக்ளஸ் கென்ரிக்கும் அவருடைய குழுவினரும் 1996இல் சாமர்த்தியமான ஒரு சோதனை செய்தார்கள். அதிகாரம் செலுத்த வசதியாக இருக்கும் என்பதற்காகத்தான் ஆண்கள் இளையவரைத் தேடுகிறார்கள் என்றால், பதின்பருவப் பையன்களும் தங்களைவிட இளையவர்களையே விரும்ப வேண்டும். ஆனால் 12 முதல் 18 வயதுப் பையன்களைக் கேட்டபோது, தங்களைவிடச் சில வயது மூத்த பெண்களே மிகக் கவர்ச்சியாகத் தோன்றுவதாகச் சொன்னார்கள். ஆண்கள் நாடுவது கருவுறும் திறன் கூடிய வயதையே என்ற பரிணாம விளக்கத்துக்கு இது சாதகம்.

இனி, அளக்கும் முறையில் உள்ள சிக்கல்கள். கிராமத்தினரும் படிப்பு குறைந்தவர்களும் தம் மாதிரிகளில் போதிய அளவு இல்லை என்பதைப் பஸ்ஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைவிட நுட்பமானது நாடுகளை எண்ணும் விதம். அண்டை நாடுகள் மொழியையும் மதத்தையும் சட்டத்தையும் பகிர்ந்துகொள்வதால், 37 மாதிரிகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 37 சாட்சிகளாகக் கொள்ள முடியாது. ஒரே வீட்டில் பத்துப் பேரிடம் கருத்துக் கேட்டுவிட்டு ஊரே சொல்கிறது என்பதைப் போல் ஆகிவிடும். இந்தக் குறை பஸ்ஸுக்கு மட்டுமல்ல, ஈக்லி, வுட் கணக்குக்கும் உண்டு.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது வேறொன்று. கேள்வித்தாளில் எழுதுவதும் நேரில் ஒருவரைப் பார்த்து மனம் ஈர்க்கப்படுவதும் ஒன்றா? பால் ஈஸ்ட்விக்கும் எலி ஃபிங்கெலும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்களிடம் முதலில் விருப்பங்களைக் கேட்டுக்கொண்டு, பின்பு ‘ஸ்பீட் டேட்டிங்’ முறையில் ஒவ்வொருவரோடும் சில நிமிடங்கள் பேசவைத்தார்கள். தாளில் வழக்கமான வேறுபாடு அப்படியே வந்தது. பேசி முடித்தபின் யார் யாரை விரும்பினார்கள் என்று பார்த்தால், தோற்றமும் வருமான வாய்ப்பும் இருபாலருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் எடைபோட்டன. ஒருவர் தாளில் எழுதியதை வைத்து, அவருக்கு யாரைப் பிடிக்கும் என்று ஊகிக்கவும் முடியவில்லை. இதற்கு நார்மன் லீயின் குழு 2013இல் மறுப்புத் தெரிவித்தது. ஒரே பல்கலைக்கழகத்து மாணவர்களிடையே வருங்கால நிலையில் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்காது. மிகக் கீழ்நிலையில் உள்ளவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆண் பெண் வேறுபாடு வெளிப்படுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். பெண்கள் செல்வரைத் தேடுகிறார்கள் என்பதைவிட, அடிப்படைக்கே வழியில்லாதவரைத் தவிர்க்கிறார்கள் என்பதே சரியான வாசிப்பாக இருக்கலாம்.

2020இல் வெளியான ஓர் ஆய்வில், 45 நாடுகளில் 14,399 பேரிடம் இத்தகைய கேள்விகள் மறுபடியும் கேட்கப்பட்டன. வருமானத்திலும் தோற்றத்திலும் ஆண் பெண் வேறுபாடு மீண்டும் தென்பட்டது. பாலினச் சமத்துவத்தோடு தெளிவாகச் சேர்ந்து நகர்ந்தது தம்பதியரின் வயது இடைவெளி மட்டுமே; சமத்துவம் கூடிய நாடுகளில் அது சுருங்கியிருந்தது. ஆக, ஈக்லி, வுட் வாதமும் முழுதாக நிற்கவில்லை. பஸ்ஸின் வாதமும் இதனால் மட்டும் நிரூபணமாகிவிடவில்லை, ஏனென்றால் இதுவும் கேள்வித்தாள்தான்.

உங்கள் கவலைக்கு வருகிறேன். மேலே சொன்னவை எல்லாம் பெரும் கூட்டங்களின் சராசரிகள். வருமானத்துக்கு 3 போட்ட ஆண்களும் 0 போட்ட பெண்களும் இத்தகைய மாதிரிகளில் இருப்பார்கள். குறிப்பிட்ட ஒரு பெண் உங்களைப் பற்றி என்ன நினைப்பார் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. நண்பரோடு அடுத்த முறை விவாதம் வந்தால், பெண்கள் முதலில் பார்ப்பது வருமானம் என்று பஸ்ஸின் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.