சேமித்த முகவரி ஏன் பின்னோக்கிப் போகிறது?

கேள்வி: எங்கள் இணையக் கடை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இயங்குகிறது. எழுத ஒரு முதன்மை சர்வர், படிக்க இரண்டு நகல்கள். வாடிக்கையாளர் முகவரியை மாற்றிச் சேமித்தால் பழையதே தெரிகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் புதியது வருகிறது. இன்னொரு முறை புதுப்பித்தால் மறுபடி பழையது. எழுதிய பின் ஐந்து விநாடிக்கு முதன்மையிலிருந்தே படிக்கும்படி மாற்றினோம். புகார் குறைந்தது, நிற்கவில்லை. எல்லா வாசிப்பையும் முதன்மைக்கே திருப்பிவிடலாமா?

பதில்: திருப்பினால் புகார் நிற்கும், நகல்களுக்குக் கொடுக்கும் வாடகை வீணாகும். அதற்கு முன், உங்களிடம் இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்பதைப் பாருங்கள். தான் எழுதியது தனக்கே தெரியாமல் போவது முதலாவது. அது நேராது என்ற உறுதிக்கு ரீட்-யுவர்-ரைட்ஸ் என்று பெயர். ஒருமுறை கண்ணில் பட்டது பிறகு மறைவது இரண்டாவது. அதைத் தடுப்பது மோனோடோனிக் ரீட்ஸ். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பேயூ திட்டத்தில் பணியாற்றியவர்கள் 1994-இல் இவற்றை இன்னும் இரண்டோடு சேர்த்து அமர்வு உறுதிகள் என வகுத்தார்கள். உலகில் எல்லோரும் ஒரே நேரத்தில் புதியதைப் பார்க்க வேண்டும் என்று இவை கேட்பதில்லை. இந்த ஒரு வாடிக்கையாளரின் அமர்வில் காலம் பின்னோக்கிப் போகக் கூடாது, அவ்வளவுதான். குறைவாகக் கேட்பதால் குறைந்த செலவில் கிடைக்கிறது.

ஐந்து விநாடி ஏன் போதவில்லை? நகலின் தாமதத்துக்குக் கடிகாரம் கட்டுப்பாடு விதிப்பதில்லை. முதன்மையில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் முதலில் டபிள்யூ.ஏ.எல். என்ற பதிவேட்டில் ஏறுகிறது. எங்கள் அலுவலகத்தில் அதை வாயால் ‘வால்’ என்றே சொல்வோம். நகல் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறது என்பதால் பெயரும் பொருந்துகிறது. நகலில் யாரோ ஒரு நீண்ட அறிக்கையை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த அறிக்கைக்கு இன்னும் தேவையான பழைய வரிகளை நீக்கச் சொல்லும் பதிவு வாலில் வந்தால் நகல் அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை `max_standby_streaming_delay` தீர்மானிக்கிறது. அதன் இயல்பு மதிப்பு 30 விநாடி. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் மாதக் கடைசியில் மட்டும் இந்தப் புகார் வரும். ஐந்தைப் பத்தாக்கினோம், பத்தை இருபதாக்கினோம். கணக்குப் பிரிவின் அறிக்கைதான் காரணம் என்று கண்டுபிடிக்க மூன்று மாதக் கடைசிகள் பிடித்தன.

ஆகவே நேரத்தை விட்டுவிட்டு இடத்தை அளந்து பாருங்கள். வாலில் ஒவ்வொரு பதிவுக்கும் எல்.எஸ்.என். என்ற எண் உண்டு, அது ஏறிக்கொண்டே போகும். முகவரியைச் சேமித்ததும் முதன்மையிடம் கேளுங்கள்:

```sql
COMMIT;
SELECT pg_current_wal_lsn();
```

`COMMIT` முடிந்த பிறகு கேட்பது முக்கியம். பரிவர்த்தனைக்குள்ளேயே கேட்டால், கமிட் பதிவுக்கு முந்தைய எண்தான் கிடைக்கும். அந்த எண்ணை எட்டிய நகலிலும் புதிய முகவரி தெரியாமல் போகலாம், நீங்கள் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். `synchronous_commit` அணைக்கப்பட்டிருந்தால் `pg_current_wal_insert_lsn()` கேளுங்கள்.

கிடைத்த எண் `0/5A01C8F0` என்று வைத்துக்கொள்வோம். இதை அந்த வாடிக்கையாளரின் அமர்வில் போட்டு வையுங்கள். அடுத்த வாசிப்புக்கு முன் நகலிடம் ஒரு கேள்வி:

```sql
SELECT pg_last_wal_replay_lsn() >= '0/5A01C8F0'::pg_lsn;
```

முதல் நகல் `0/5A01D200` வரை வந்துவிட்டது. விடை ஆம், அங்கேயே படிக்கலாம். இரண்டாவது `0/59FF4010`-இல் நிற்கிறது, 1,66,112 பைட் பின்தங்கியிருக்கிறது, விடை இல்லை. நூறு மில்லி விநாடி போலப் பொறுத்து மறுபடி கேளுங்கள், பிறகு மற்ற நகலைப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் மட்டும் முதன்மைக்குப் போங்கள். இந்த ஒப்பீட்டை உங்கள் நிரலில் எழுத்துச்சரமாகச் செய்துவிடாதீர்கள். `0/FFFFFF0`-ஐ விட `0/10000000` பெரியது. எழுத்து வரிசைப்படி பார்த்தால் தலைகீழாகத் தெரியும்.

இன்னொரு பொறி இணைப்பில் இருக்கிறது. நகல்களுக்கு முன் ஒரு லோட் பேலன்சர் இருந்தால், கேள்வி முதல் நகலுக்கும் வாசிப்பு இரண்டாவதற்கும் போகக்கூடும். அப்போது சோதித்ததற்கே பொருளில்லை. இரண்டும் ஒரே இணைப்பில், கேள்வி முன்னும் வாசிப்பு பின்னுமாக, தனித்தனிக் கட்டளைகளாகப் போக வேண்டும். ரிபீட்டபிள் ரீட் பரிவர்த்தனைக்குள் இரண்டையும் அடைக்காதீர்கள். அங்கே முதல் கட்டளை ஓடும்போதே பார்வை உறைந்துவிடும், அதன் பின் நகல் முன்னேறினாலும் உங்களுக்குத் தெரியாது.

இதுவரை செய்தது ரீட்-யுவர்-ரைட்ஸுக்கு. முகவரி விஷயத்தில் இதுவே இரண்டாவது கோளாறையும் மூடிவிடும், ஏனென்றால் அதை எழுதியவர் அவரேதான். ஆனால் உங்கள் கடையில் பொருள்களுக்கு மதிப்புரைகள் இருந்தால் கதை வேறு. வேறொருவர் எழுதிய மதிப்புரையை உங்கள் வாடிக்கையாளர் முதல் நகலில் பார்க்கிறார்; புதுப்பித்தால் இரண்டாவது நகலில் அது இல்லை. அவர் எதையும் எழுதவில்லை, அதனால் அவரது அமர்வில் எண்ணே இல்லை. இதற்கு, ஒவ்வொரு வாசிப்பும் முடிந்தபின் அந்த நகலின் `pg_last_wal_replay_lsn()` மதிப்பைக் கேட்டு, அமர்வில் உள்ளதைவிடப் பெரியதாக இருந்தால் மாற்றி வையுங்கள். வாசிப்பு முதன்மையில் நடந்திருந்தால் அங்கே `pg_current_wal_lsn()`. பார்த்ததற்கு முந்தைய நிலைக்கு அவர் இனிப் போக மாட்டார்.

ஒருவரை எப்போதும் ஒரே நகலுக்கு அனுப்பினால் போதாதா என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். அந்த நகல் உயிரோடு இருக்கும்வரை மோனோடோனிக் ரீட்ஸ் கிடைக்கும். தான் எழுதியது தெரியும் என்ற உறுதி கிடைக்காது. நகல் ஒத்திசைவு முறைக்கு மாறலாம் என்றும் சொல்வார்கள். `synchronous_commit` மதிப்பு `on` என்றால் வால் நகலின் வட்டில் ஏறிவிட்டது என்று மட்டும் பொருள். வாசிப்பில் தெரியும் என்பதில்லை. தெரிய வேண்டுமானால் `remote_apply` வேண்டும், படிக்கப்படும் இரண்டு நகல்களுமே ஒத்திசைவுப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அப்போது ஒரு நகல் நின்றால் எல்லா எழுத்தும் அதற்காகக் காத்திருக்கும். உங்கள் கடைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணை எங்கே வைப்பது? குக்கியில் வைத்தால் எளிது. ஆனால் கணினியில் முகவரியை மாற்றிவிட்டுக் கைப்பேசியில் பார்ப்பவருக்கு அது உதவாது. அப்படிப்பட்டவர்கள் உங்களுக்கு நிறைய என்றால், பயனர் எண்ணோடு சேர்த்து ரெடிஸில் வையுங்கள். முதன்மை விழுந்து ஒரு நகல் அந்த இடத்துக்கு வரும் நாளில் மட்டும் சேமித்த எண்களை எல்லாம் அழித்துவிடுங்கள். பழைய முதன்மை எட்டிய கடைசி இடத்தைப் புதியது எட்டாமலே தொடங்கியிருக்கலாம். அதே எண்ணில் இனி வேறு பதிவு வந்து உட்காரும். பழைய எண்ணை வைத்துச் சோதித்தால், தொலைந்துபோன முகவரி பத்திரமாக இருப்பதாக உங்கள் நிரல் நம்பும்.