பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் வீட்டில் சார்ஜ் போடும் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கும் கிலோமீட்டருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

சென்னையில் 2023-ல் வண்டி மாற்றியபோது நான் நோட்டில் எழுதி வைத்த கணக்கைச் சொல்கிறேன். என் ஓட்டம் மாதம் 750 கி.மீ., அதாவது ஒரு மின் பில்லுக்கு 1,500 கி.மீ.

பழைய ஸ்கூட்டர் ஊருக்குள் 45 கி.மீ. கொடுத்தது. அப்போது பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. ஆக, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 28 காசு.

எலக்ட்ரிக் வண்டியின் பேட்டரி 2.9 யூனிட். ஆனால் பிளக்கில் ஒரு சின்ன மீட்டரை மாட்டிப் பார்த்தபோது, முழு சார்ஜுக்கு 3.3 யூனிட் காட்டியது. மிச்சம் சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகப் போய்விடுகிறது. சார்ஜரைத் தொட்டாலே தெரியும். பில்லில் ஏறுவது இந்த 3.3 தான். அதில் எனக்கு 83 கி.மீ. ஓடியது. யூனிட்டுக்கு 25 கி.மீ. என்று வைத்தால் 1,500 கி.மீ.க்கு 60 யூனிட்.

இந்த 60 யூனிட் என்ன விலை என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பில்லின் சராசரியைப் போடக்கூடாது. வண்டி இல்லாமலே வீட்டுக்கு எவ்வளவு ஆகிறதோ, அதற்கு மேல்தான் இது ஏறுகிறது. தமிழ்நாட்டில் அப்போதைய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை 2.25, 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். வீட்டில் 180 யூனிட் ஓடினால் இந்த 60-க்கு 225 ரூபாய், கிலோமீட்டருக்கு 15 காசு. 420 ஓடினால் 360 ரூபாய், 24 காசு.

500-ஐத் தாண்டினால் கதை வேறு. அந்தக் கட்டணத்தில் 501-லிருந்து யூனிட் 8 ரூபாய் ஆவதோடு, 101 முதல் 200 வரையிலான 2.25-ம் போய் அதற்கும் 4.50 வந்துவிடும், அதிலேயே 225 ரூபாய் கூடுதல். ஏசி ஓடிய கோடையில் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் ஆனது. வண்டி இல்லாமல் 470 யூனிட், 1,545 ரூபாய் வந்திருக்க வேண்டும். வண்டியோடு 530 ஆகி 2,190 வந்தது. வித்தியாசம் 645 ரூபாய், கிலோமீட்டருக்கு 43 காசு. அப்புறம் ரீடிங் எடுத்த 45-ஆம் நாள் மீட்டரைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். 400 நெருங்கியிருந்தால், மீதி நாட்களுக்கு அலுவலகத்தில் சார்ஜ் போட்டுக்கொள்வேன்.

பேட்டரியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 60,000 கி.மீ.யில் 60,000 ரூபாய்க்கு மாற்ற நேரும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூடும். அப்போதும் என் மோசமான பில்லில் 1 ரூபாய் 43 காசு தான். பெட்ரோல் வண்டியின் 2.28-ல் ஆயில் செலவு இன்னும் சேரவில்லை.